அறுபது வயது எந்தத் தேதியில் நிறைகிறது? கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்துக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்:
தமிழ்நாடு கட்டுமானத் தொழிலாளர்கள் நல வாரியத்தின் செயலாளர் அவர்களும், மாவட்டங்களில் பணியாற்றும் தொழிலாளர் உதவி ஆணையர்கள் (சமூகப் பாதுகாப்புத் திட்டம்) அவர்களும்.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

வணக்கம். கொத்தனார், சித்தாள், கம்பி கட்டுபவர், சென்டரிங் ஆட்கள், பெயின்டர் ஆகியோருக்கு வாரியப் பதிவு, புதுப்பித்தல், உதவித்தொகை விண்ணப்பங்களை நிரப்பிக் கொடுக்கும் தொழிற்சங்கப் பணியாளர்கள் நாங்கள். வாரியத்தைப் பற்றிச் சொல்ல எங்களிடம் பல விஷயங்கள் உண்டு. இந்த மடலில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்கிறோம். பல ஆண்டுகள் அட்டை வைத்திருந்த தொழிலாளி அறுபதை நெருங்கும்போது ஓய்வூதியம் ஏன் கைநழுவிப் போகிறது என்பதே அது. ஆளுக்கு இரண்டு பிறந்த தேதிகள் இருப்பதுதான் பெரும்பாலும் காரணம். இதைச் சரிசெய்யும் வழி உங்கள் அலுவலகத்துக்குள்ளேயே இருக்கிறது.

இந்தச் சிக்கல் இப்போது அதிகம் வருவதற்குக் காரணம் உண்டு. 1982-ஆம் ஆண்டின் உடலுழைப்புத் தொழிலாளர் சட்டத்தின் கீழ் இந்த வாரியம் 1994-இல் அமைந்தது. தொடக்க ஆண்டுகளில் முப்பது, முப்பத்தைந்து வயதில் பதிந்தவர்கள் எல்லாம் அறுபதைத் தொட்டுவிட்டார்கள். அவர்களுக்குப் பின்னால் பதிந்தவர்கள் இப்போது வரிசையில் நிற்கிறார்கள். அவர்கள் பதிந்தபோது ஆதார் கிடையாது. குடும்ப அட்டையிலோ வாக்காளர் அட்டையிலோ இருந்த வயதைப் பார்த்து எழுதினார்கள், அல்லது அரசு மருத்துவர் கொடுத்த வயதுச் சான்றை வைத்து எழுதினார்கள். பள்ளிக்கூடம் போகாதவரிடம் வேறு ஆதாரம் எதுவும் இருக்கவில்லை. குடும்ப அட்டையில் வயது மட்டும் இருக்கும், படிவமோ நாளும் மாதமும் கேட்கும். எழுதியவர் ஏதோ ஒரு நாளைப் போட்டு நிரப்பினார். பல அட்டைகளில் ஜூன் முதல் தேதி பிறந்த நாளாக இருப்பது இப்படித்தான்.

சில ஆண்டுகள் கழித்து ஆதார் வந்தது. முகாமில் உட்கார்ந்திருந்தவர் “வயசு என்னம்மா?” என்று கேட்டார். “நாப்பத்தெட்டு இருக்கும்” என்று பதில் வந்தது. அதிலிருந்து பிறந்த ஆண்டு கணக்கிடப்பட்டு, ஜனவரி முதல் தேதி பிறந்த நாளாக அமர்ந்தது. ஆதாரில் வயது வெறும் வாய்மொழியாகவே ஏறியது. வாரிய அட்டையில் ஏறிய வயதுக்காவது ஏதோ ஒரு காகிதம் பின்னால் இருந்தது. இன்று இணையத்தில் எல்லாமே ஆதாரை வைத்துச் சரிபார்க்கப்படுவதால், வலுக் குறைந்த தேதி வலுவான தேதியைத் தள்ளிவிடுகிறது.

இதனால் என்ன நடக்கிறது என்பதை ஓர் எடுத்துக்காட்டில் கணக்கோடு காட்டுகிறோம். ஒரு சித்தாள் 2008-இல் வாரியத்தில் பதிந்தார். குடும்ப அட்டையில் அப்போது வயது 42. வாரியப் பதிவில் பிறந்த தேதி 1.6.1966 என்று ஏறியது. 2012-இல் ஆதார் எடுத்தபோது 48 என்று சொன்னார், அதில் 1.1.1964 ஆனது. இரண்டுக்கும் இடையே ஏறக்குறைய இரண்டரை ஆண்டு வித்தியாசம். அட்டை செல்லுபடியாகும் வரை இது யார் கண்ணிலும் படாது. அவர் அடுத்துப் புதுப்பிக்க வேண்டிய நாள் 15.7.2025 என்று வைத்துக்கொள்வோம்.

அந்த மாதம் அவர் புதுப்பிக்க வருகிறார். ஆதார்படி அவருக்கு 61 முடிந்துவிட்டது. அறுபதைத் தாண்டியவருக்குப் புதுப்பித்தல் இல்லை, ஓய்வூதியம் கேளுங்கள் என்று சொல்கிறார்கள். சரி என்று ஓய்வூதியத்துக்கு விண்ணப்பிக்கிறார். வாரியப் பதிவுப்படி அவருக்கு 59, இன்னும் அறுபது ஆகவில்லை என்று அது திரும்பி வருகிறது. ஒரே அலுவலகம், ஒரே ஆள், ஒரு மேசையில் வயது கூடுதல், அடுத்த மேசையில் குறைவு. 1.6.2026 வரும்வரை, பத்தரை மாதம், அவர் உறுப்பினரும் இல்லை, ஓய்வூதியரும் இல்லை. அந்த இடைவெளியில் அவர் இறந்துபோனால் இயற்கை மரண உதவியும் ஈமச்சடங்குத் தொகையும் கேட்டு வரும் குடும்பத்திடம் “அட்டை புதுப்பிக்கப்படவில்லையே” என்ற கேள்வி வரும்.

இதைவிடக் கொடுமை அதற்குப் பிறகுதான். 2026 ஜூனில் வாரியத் தேதிப்படி அறுபது நிறைந்து மறுபடி விண்ணப்பிக்கும்போது, பதிவு 2025 ஜூலையிலேயே காலாவதியாகிவிட்டது என்று திரையில் தெரியும். கட்டுமானத் தொழிலாளர்களுக்கான 1996-ஆம் ஆண்டு மத்தியச் சட்டத்தின் 14-ஆவது பிரிவில் இருந்து, இப்போது சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் தொடரும் விதி, அறுபது நிறைவதற்கு முன் குறைந்தது மூன்று ஆண்டுகள் தொடர்ந்து பயனாளியாக இருந்தவரே அறுபதுக்குப் பின் கிடைக்கும் பயன்களுக்கு உரியவர் என்கிறது. தொடர்ச்சி அறுந்ததற்குத் தொழிலாளி காரணம் இல்லை. புதுப்பிக்க வந்தவரைத் திருப்பி அனுப்பியது அலுவலகம். ஆனாலும் கோப்பில் அது அவர் விட்ட இடைவெளியாகவே நிற்கிறது. பதினேழு ஆண்டு உறுப்பினராக இருந்தவர் கடைசியில் வெறுங்கையோடு நிற்க இது போதும்.

ஆதாரில் வயது குறைவாக இருந்தால் வேறு மாதிரி மாட்டிக்கொள்வார்கள். வாரியத்தில் 1966, ஆதாரில் 1968 என்று வைத்துக்கொள்வோம். 2026 ஜூனில் வாரிய அட்டைப்படி அறுபது. அதே ஆண்டு ஆகஸ்டில் புதுப்பிக்க வேண்டிய நாள் வருகிறது. “அறுபதுதான் ஆயிடுச்சே, இனி எதுக்குப் புதுப்பிக்கணும்” என்று விட்டுவிடுகிறார். ஓய்வூதிய விண்ணப்பம் சில மாதம் கழித்து ஆதார்படி 58 என்ற குறிப்போடு திரும்புகிறது. அவர் 2028 ஜனவரி வரை காத்திருக்கிறார். அதற்குள் அட்டை காலாவதியாகி ஒன்றரை ஆண்டு ஓடிவிடும். மறுபடி அதே தொடர்ச்சிக் கேள்விதான்.

இவர்களுக்குக் கவுன்டரில் கிடைக்கும் பதில் பெரும்பாலும் ஒன்றே: “ஆதாரை மாத்திட்டு வாங்க.” இது நடக்காத காரியம் என்பதை அதிகாரிகள் கவனத்தில் கொள்ள வேண்டும். ஆதாரில் பிறந்த தேதியைப் பொதுவாக ஒருமுறைதான் திருத்த முடியும். திருத்தவும் பிறப்புச் சான்று போன்ற ஆவணம் வேண்டும். 1960-களில் கிராமத்தில் வீட்டில் பிறந்தவருக்குப் பிறப்புப் பதிவு இருப்பது அரிது. மதிப்பெண் பட்டியலோ பாஸ்போர்ட்டோ கிடையாது. இத்தனை ஆண்டு கழித்துப் பிறப்பைப் பதிய வேண்டுமானால் வருவாய்த்துறை அதிகாரியின் ஆணை வேண்டும், அதற்கும் இதே வயதுச் சான்றைத்தான் கேட்பார்கள். பெயரிலோ முகவரியிலோ திருத்தம் செய்யப் போனவருக்கு, மையத்தில் இருந்தவர் சேர்த்தே பிறந்த தேதியையும் மாற்றி அந்த ஒரே வாய்ப்பையும் தீர்த்துவிட்ட கதைகளும் உண்டு.

இன்னொன்று. ஆதார் வயதுக்கான சான்று அல்ல என்று ஆதாரை வழங்கும் ஆணையமே சொல்லியிருக்கிறது. அதை ஏற்றுத்தான் தொழிலாளர் வருங்கால வைப்பு நிதி அமைப்பு, பிறந்த தேதிக்கான சான்றுகளின் பட்டியலிலிருந்து ஆதாரை 2024 ஜனவரியில் நீக்கியது. 2024 அக்டோபரில் ஒரு வாகன விபத்து இழப்பீட்டு வழக்கில், இறந்தவரின் வயதை முடிவு செய்ய ஆதாரை விட்டுவிட்டுப் பள்ளி மாற்றுச் சான்றிதழையே உச்ச நீதிமன்றம் ஏற்றது. ஆளை அடையாளம் காண ஆதாரைக் கேளுங்கள், அதில் எங்களுக்கு மறுப்பில்லை. ஒரே ஆள் இரண்டு அட்டை வாங்காமல் தடுக்க அது வேண்டும். அறுபது எப்போது நிறைகிறது என்பதற்கு மட்டும் அதை அளவுகோலாக வைக்காதீர்கள்.

அப்படியானால் எந்தத் தேதியை எடுத்துக்கொள்வது? எங்கள் கோரிக்கை இது. முதல் பதிவின்போது ஏதாவது ஓர் ஆவணத்தின் அடிப்படையில் ஏற்றுக்கொள்ளப்பட்ட வயதையே எல்லாப் பயன்களுக்கும் வயதாகக் கொள்ள வேண்டும். அந்த வயதை நம்பித்தான் வாரியம் இத்தனை ஆண்டு அவரை உறுப்பினராக வைத்திருந்தது. அவர் பிள்ளைகளுக்குக் கல்வி உதவியும் திருமண உதவியும் கொடுத்தது. அறுபதாவது வயதில் மட்டும் அதைச் சந்தேகிப்பது முறையல்ல.

பழைய கோப்பு கிடைக்காத இடங்களும், இரண்டு தேதிக்கும் ஐந்து ஆறு ஆண்டு வித்தியாசம் உள்ள இடங்களும் இருக்கும். அங்கே உதவி ஆணையர் நேரில் விசாரித்து ஒரு தேதியை நிலைநிறுத்தி ஆணை போடலாம். அதற்கு உதவும் ஆவணங்கள் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருக்கின்றன. 2002, 2005 ஆண்டுகளின் பழைய வாக்காளர் பட்டியல்கள் இப்போது இணையத்தில் கிடைக்கின்றன. ஒவ்வொரு பெயருக்கும் எதிரே அந்த ஆண்டின் வயது அச்சாகியிருக்கிறது. அது ஆதாருக்கு முந்தையது, ஓய்வூதியத்தை மனதில் வைத்து யாரும் சொன்ன வயதும் அல்ல. மூத்த பிள்ளையின் பள்ளிச் சான்று இன்னொரு நல்ல துணை. மேலே சொன்ன சித்தாளின் மூத்த மகன் 1984-இல் பிறந்தவர் என்றால், 1966-இல் பிறந்த தாய்க்கு அப்போது 18, பொருந்துகிறது. அதே தாய்க்கு யாராவது 1972 என்று எழுதியிருந்தால் 12 வயதில் பிள்ளை பெற்றதாக ஆகும், அந்தத் தேதி தவறு என்று அங்கேயே தெரிந்துவிடும். தேவைப்பட்டால் அரசு மருத்துவமனையில் வயதுச் சான்று வாங்கச் சொல்லலாம். ஆனால் முதிர்ந்த வயதில் அது ஒரு மதிப்பீடுதான், மற்ற காகிதங்களோடு சேர்த்தே அதைப் பார்க்க வேண்டும்.

இந்த ஆணை ஒரு பக்கத்துக்கு மேல் போக வேண்டியதில்லை. பதிவு எண், ஆதாரின் கடைசி நான்கு இலக்கம், பார்த்த ஆவணங்கள், ஏற்ற பிறந்த தேதி, அறுபது நிறையும் நாள், இவை இருந்தால் போதும். அந்த நகல் ஒன்று தொழிலாளியின் கையில் இருக்க வேண்டும். கணினியிலும் அந்தத் தேதி ஏற வேண்டும். இல்லாவிட்டால் அடுத்து வரும் அதிகாரியிடம் எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க வேண்டிவரும்.

தேதி முடிவாகும் வரை புதுப்பித்தலை நிறுத்தக் கூடாது என்பதையும் அழுத்தமாகக் கேட்கிறோம். இரண்டு தேதிகளின்படி அறுபது நிறையும் நாள்களில் எது பிந்தியதோ அதுவரை பதிவு உயிரோடு இருக்கட்டும். வயது முரண்பாடு நிலுவையில் உள்ளது என்ற குறிப்போடு புதுப்பித்துக் கொடுப்பதால் வாரியத்துக்கு ஒரு ரூபாய் இழப்பும் இல்லை.

இனி, அந்தக் கடைசி ஆண்டுகளில் வரும் இன்னொரு தடையைச் சொல்ல வேண்டும். புதுப்பிக்க, முந்தைய பன்னிரண்டு மாதத்தில் 90 நாள் கட்டுமான வேலை செய்ததாகப் பணிச்சான்று வேண்டும். கணக்குக்கு இது பெரிதில்லை. வாரத்துக்கு இரண்டு நாள் வேலைக்குப் போனாலே ஆண்டில் 104 நாள் ஆகிவிடும். எண்ணிக்கையை விட, கையெழுத்துப் போட ஆள் கிடைப்பதுதான் பாடு. விடிகாலையில் ஆள் எடுக்கும் முனையில் நின்று, இன்று ஒரு மேஸ்திரி, நாளை இன்னொருவர் என்று போகிறவருக்கு முதலாளி என்று யாரைச் சொல்வது? வீட்டுக்காரர் கையெழுத்துப் போடப் பயப்படுவார், ஏதாவது வரி கேட்டு வந்துவிடுவார்களோ என்று.

சான்று எழுதுவதிலும் தவறு நேர்கிறது. “இவர் கட்டுமானத் தொழில் செய்து வருகிறார்” என்று ஒரே வரியில் எழுதிய சான்று திரும்பி வருவது நியாயம்தான். எந்த மாதத்திலிருந்து எந்த மாதம் வரை, எந்த இடத்து வேலை, என்ன வேலை, எத்தனை நாள், கையெழுத்திட்டவரின் பெயரும் தொலைபேசி எண்ணும் இருக்க வேண்டும். சொல்லும் காலம் விண்ணப்பித்த நாளுக்கு முந்தைய பன்னிரண்டு மாதத்துக்குள் விழ வேண்டும். சென்ற ஆண்டு எழுதி வாங்கிய சான்றை இந்த ஆண்டு பதிவேற்றினால் நாள் கணக்கு சரியாக இருந்தும் விண்ணப்பம் நிற்கும். ஆனால் நான்கு மேஸ்திரிகள் தனித்தனியாக எழுதிய 25, 30, 20, 22 நாள்களைக் கூட்டி 97 என்று கொடுத்தால் அதையும் ஏற்க வேண்டும். ஒரே ஆள் 90 நாளுக்கும் கையெழுத்திட வேண்டும் என்று சட்டம் எங்கும் சொல்லவில்லை. இப்படி ஒரு விளக்கத்தை எல்லா மாவட்டங்களுக்கும் சுற்றறிக்கையாக அனுப்பினால் பெரும் உதவியாக இருக்கும்.

ஐம்பத்தேழு, ஐம்பத்தெட்டில் வேலையில் காயம்படுபவர்களுக்குச் சட்டம் தந்துள்ள ஒரு பாதுகாப்பு படிவத்தில் இடம்பெறவே இல்லை. 90 நாளைக் கணக்கிடும்போது, வேலையில் ஏற்பட்ட விபத்தால் காயம்பட்டு வேலைக்கு வராத காலத்தைக் கழித்துவிட வேண்டும் என்று மேலே சொன்ன அதே விதி சொல்கிறது. சாரத்திலிருந்து விழுந்து கால் முறிந்து எட்டு மாதம் படுத்துக் கிடந்தவரிடம் போய் 90 நாள் சான்று கேட்கிறோம். அவரும் வேறு வழியில்லாமல் பொய்யான சான்று வாங்கிக் கொடுக்கிறார், அல்லது புதுப்பிக்காமலே விட்டுவிடுகிறார். விண்ணப்பத்தில் “வேலையில் ஏற்பட்ட காயத்தால் வராத காலம்” என்று ஒரு கட்டமும், மருத்துவமனைச் சீட்டைப் பதிவேற்ற ஓர் இடமும் வைத்தால் இந்த நிலை மாறும். வேலையால் வந்த காயத்துக்கு மட்டுமே இந்த விலக்கு பொருந்தும். சர்க்கரை நோய்க்கோ மூட்டுத் தேய்மானத்துக்கோ பொருந்தாது என்பது எங்களுக்கும் தெரியும்.

விண்ணப்பம் திரும்பும்போது எழுதப்படும் காரணத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. “ஆவணம் சரியில்லை” என்று வந்தால் எந்த ஆவணம் என்று தெரியாது. ஸ்கேன் மங்கலா, பெயரில் முன்னெழுத்து விட்டுப்போனதா, வயது முரண்பாடா? தெரியாததால் தொழிலாளி அதே காகிதங்களை மறுபடி ஏற்றுகிறார், மறுபடி திரும்புகிறது, அதற்குள் புதுப்பிக்கும் நாள் கடந்துவிடுகிறது. வயது முரண்பாடு என்றால் இரண்டு தேதிகளையும் எழுதி, “விசாரணைக்கு இந்த நாளில் வரவும்” என்று சொல்லுங்கள். குறுஞ்செய்தி போகும் கைபேசி எண் பல நேரங்களில் மகனுடையதாகவோ, பதிந்து கொடுத்த கடைக்காரருடையதாகவோ இருக்கிறது. ஆகவே தகவலை அஞ்சலிலும் அனுப்ப வேண்டும்.

இந்த மடலைப் படிக்கும் தொழிலாளர்களுக்கும் சங்கத் தோழர்களுக்கும்: அட்டையில் எந்தத் தேதி இருந்தாலும் சரி, 55 வயதிலேயே வாரிய அட்டையையும் ஆதாரையும் பக்கத்தில் வைத்துப் பிறந்த தேதியைப் பாருங்கள். வேறாக இருந்தால் ஆதார் மையத்துக்கு ஓட வேண்டாம். முதலில் உதவி ஆணையர் அலுவலகத்தில் எழுத்து மூலம் மனுக் கொடுத்து, முத்திரையோடு ஒப்புகை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். முதல் பதிவின்போது கொடுத்த ஆவணத்தின் நகலைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ்க் கேட்டுப் பெறலாம். அறுபது ஆகிவிட்டது என்று யார் சொன்னாலும், ஓய்வூதிய ஆணை கைக்கு வரும்வரை புதுப்பிப்பதை நிறுத்தாதீர்கள். புதுப்பிக்க மறுத்தால் மறுத்ததை எழுதி வாங்குங்கள். எழுதித் தராவிட்டால் அன்றே பதிவு அஞ்சலில் விண்ணப்பத்தை அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். தொடர்ச்சி அறுந்தது யாரால் என்ற கேள்வி வரும்போது அந்த ரசீதுதான் பேசும். இ-ஷ்ரம் அட்டை இருக்கிறதே, அது போதாதா என்று பலர் கேட்கிறார்கள். அது மத்திய அரசின் தரவுப் பதிவு மட்டுமே. அதை வைத்து இந்த வாரியத்தில் ஓய்வூதியம் கேட்க முடியாது.

கடைசியாக, அதிகாரிகளிடம் ஒரு கோரிக்கை. வயது முரண்பாட்டால் தாமதமாகி, பிறகு தேதி முடிவாகி ஓய்வூதியம் அனுமதிக்கப்படும்போது, அது எந்த மாதத்திலிருந்து கணக்கிடப்படும் என்பதை ஆணையிலேயே எழுதுங்கள். மேலே சொன்ன சித்தாளுக்கு 1.6.1966 ஏற்கப்பட்டு, விசாரணை முடிய 2027 பிப்ரவரி ஆகிறது என்றால், அறுபது நிறைந்த 2026 ஜூன் முதல் அவருக்கு ஒன்பது மாதத் தொகை நிலுவை உண்டு. ஆணை போட்ட மாதத்திலிருந்துதான் என்றால் அலுவலகத்தின் தாமதத்துக்கு அவர் விலை கொடுக்கிறார். அறுபது நிறைந்த மாதத்திலிருந்தே கணக்கிட்டு, நிலுவையை முதல் தவணையோடு அவர் வங்கிக் கணக்கில் செலுத்த வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம். இந்த மடலில் சொன்ன ஒவ்வொரு வகைச் சிக்கலுக்கும் உரிய விண்ணப்ப நகல்களோடு, நீங்கள் குறிக்கும் நாளில் நேரில் வந்து விளக்கத் தயாராக இருக்கிறோம்.

இப்படிக்கு,
கட்டுமானத் தொழிலாளர்களுக்கு விண்ணப்பம் நிரப்பும் தொழிற்சங்கப் பணியாளர்கள்